செஸ் இல்லாத செஸ் போர்டுகள்

ஆபீஸில் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பட்டன் இருக்கிறது. அதைத் தட்டிப் பெரிதாக்கிய பிறகும் அக்காவுக்குத் திருப்தி வராது. மேசை டிராயரிலிருந்து கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "அக்கா, திரையில புள்ளி புள்ளியாத்தானே தெரியும்?" என்று யாராவது கேட்டால், "அந்தப் புள்ளியிலயும் ஏதாவது இருக்கும்ல" என்பார்.

வயது நாற்பத்தெட்டு. இந்த ஆபீஸுக்கு வருவதற்கு முன் பதினேழு வருடம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், உள்ளே உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளின் பிரிவில் நின்றவர். கேரம் போர்டு, செஸ், லூடோ, பாம்பும் ஏணியும் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். திரும்பி வரும் பெட்டியைத் திறந்து காய்களை எண்ணிப் பார்ப்பதும் அவர் வேலை. கேரம் என்றால் கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று, தனியாக ஸ்ட்ரைக்கர். லூடோ என்றால் நாலு நிறம், நிறத்துக்கு நாலு. குறைந்தால் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார். பெட்டியைக் குலுக்கினால் வரும் சத்தம் போதும். முதலாளி வயதாகிக் கடையை மூடியபோது, அக்கா ஒரு வருடம் வீட்டில் இருந்தார். அந்த ஒரு வருடத்தில் வீட்டு அலமாரிகளை நாலு முறை மாற்றி அடுக்கியதாகக் கணவர் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா என்னையும் நிறம் பிரிச்சு அடுக்கியிருப்பா" என்பது அவருடைய பேச்சு.

பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. ஒரு அச்சகத்துக்கு மேலே, முதல் மாடியில், பதினான்கு பேர் உட்காரும் நீள அறை. பழைய சாமான்களை வாங்கி விற்கும் இணையக் கடை ஒன்று அவர்களுக்குப் படங்களை அனுப்பும். விற்கிறவர்கள் வீட்டில் எடுத்துப் போட்ட படங்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து அது என்ன சாமான் என்று சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் அப்படிச் சொல்லிக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாகவே சாமானை அடையாளம் காணப் பழகிக்கொள்ளும். அதுதான் ஏற்பாடு.

முதலில் செருப்பு, ஷூ படங்கள் வந்தன. அக்கா தட்டுத் தடுமாறிப் பழகி, தொண்ணூற்றேழு மதிப்பெண் வரை வந்துவிட்டார். மதிப்பெண் எப்படி என்றால், வருகிற படங்களுக்கு நடுவே இருநூறு சோதனைப் படங்களைக் கலந்து அனுப்புவார்கள். அவற்றுக்குச் சரியான விடை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும். எது சோதனை, எது நிஜம் என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இருநூறில் குறைந்தது நூற்றுத் தொண்ணூறு பொருந்த வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இரண்டு முறை போனால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை டீம் லீடர் வந்து, "இந்த வாரத்துலேர்ந்து உள் விளையாட்டு சாமான்" என்று அறிவித்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது போல இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் குஷியாக வேலை பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்து, மேலே துணியெல்லாம் காயப் போட்ட ஒரு பலகை. ஒரு மூலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த மூலையில் ஒரு ஓட்டை, அதை நோக்கி இழுத்த அம்புக்குறி. கேரம் என்று தட்டினார். பலகையே இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் வெறும் வட்டக் காய்கள். அவற்றுக்கு நடுவே ஒன்றே ஒன்று சிவப்பு, ஒன்றே ஒன்று பெரியது. அதுவும் கேரம். கசங்கின அட்டையில் மூலைக்கு ஒரு நிறம், நடுவே சிலுவை போல ஓடும் கட்டங்கள், மையத்தில் நாலு முக்கோணம். லூடோ. பக்கத்து சீட்டில் இருந்தவர், "தங்கச்சி, நீ படத்தைப் பார்க்கிறியா, இல்ல படம் உன்னைப் பார்க்குதா?" என்று கேட்டார்.

இந்தப் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயது. கூரியர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருபது வருடம் ஓடி, முழங்கால் போன பிறகு இங்கே வந்தவர். கால் ஓடாவிட்டாலும் விரல் ஓடும். அறையில் அவரைவிட வேகமாகத் தட்டுகிறவர் கிடையாது. அதனால் பெயர் மின்னல். ஆபீஸே அக்கா என்று கூப்பிடுகிறவரை அவர் மட்டும் தங்கச்சி என்பார்.

அடுத்த திங்கட்கிழமை மதிப்பெண் வந்தது. மின்னலுக்குத் தொண்ணூற்றைந்து, சரியாகக் கோட்டின் மேல். அக்காவுக்கு எண்பத்தொன்றரை.

அக்கா முதலில் வேறு யாருடையதையோ பார்க்கிறோம் என்று நினைத்தார். தன் எண்ணைச் சரிபார்த்தார். தன்னுடையதுதான். டீம் லீடர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வயதுப் பெண். கடுமையாகப் பேசத் தெரியாதவர். அதனாலேயே கெட்ட செய்தி சொல்லும்போது ரொம்பக் கஷ்டப்படுவார்.

"என்னக்கா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்மா."

"இருநூறுல முப்பத்தேழு பொருந்தலை. இது முதல் தடவை. இன்னொரு தடவை வந்தா என் கையில இல்லக்கா. கொஞ்சம் நிதானமாப் பாருங்க, சரியா?"

"பார்க்கிறேன்மா" என்றார் அக்கா. ஆனால் நிதானமாகத்தானே பார்த்தோம்? அறையிலேயே மெதுவாகப் பார்க்கிறவர் தான்தான். செருப்பில் தொண்ணூற்றேழு எடுத்தவர், பதினேழு வருடம் கையில் வைத்துப் புழங்கின சாமானில் எண்பத்தொன்று எடுத்திருக்கிறார். மூளைக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படியென்றால் கண்தான்.

அந்த நினைப்பு வந்த நொடியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. அக்காவின் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். வலியில்லை, சிவப்பில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஓரங்களில் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, மருத்துவரிடம் போனபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முழுக்க இருட்டு. பிள்ளைகளுக்கும் வரலாம், வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கே சொன்னார்கள். அக்கா எத்தனை வருடம் பார்த்துக்கொண்டார் என்று கேட்டால், ஒரு வருடம்கூட இல்லை. பார்த்தால்தானே தெரியும்; தெரியாத வரைக்கும் இல்லை என்று இருந்துவிட்டார்.

இப்போது எல்லாமே சந்தேகமாகப் பட்டது. நேற்றுப் படிக்கட்டில் கால் இடறியதே, அது? காய்கறிக் கூடை கதவில் மோதியதே, அது? சமையல் மேடையில் நின்று, ஒரு கையை முகத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கணவர் சாப்பிட்டுக்கொண்டே இதைக் கவனித்தார்.

"யாருக்கு டாட்டா காட்டுற?"

"ஒண்ணுமில்ல, ஈ."

"ஈயா? காலையிலேர்ந்து மூணு தடவை ஈ விரட்டியாச்சு. எனக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஈயா?"

கண்ணுக்குத் தெரியாத என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா பொலபொலவென்று அழுதுவிட்டார். கணவர் கை கழுவாமலே எழுந்து வந்தார். மதிப்பெண், முப்பத்தேழு படம், அப்பா எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தார் அக்கா. கணவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

"லிஃப்ட் ஆடுதுன்னு சொல்வாங்க. போய்த் திறந்து பார்க்காம, கயிறு போச்சு, மோட்டார் போச்சுன்னு வெளியில நின்னு பேசிட்டே இருந்தா என்ன பிரயோசனம்? நாளைக்கு லீவு போடறேன். போய்ப் பார்த்துரலாம்."

"போச்சுன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா, சொன்ன அன்னிலேர்ந்து வைத்தியம். வா."

மறுநாள் கண் மருத்துவமனையில் அரை நாள் போனது. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அழுத்தம் பார்த்தார்கள். அரைக்கோளம் போன்ற ஒரு கருவிக்குள் தலையை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு, எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அக்காவுக்கு அது ஒரு யுகம் போல இருந்தது. வெளிச்சம் வராத ஒவ்வொரு நொடியும், வந்தும் தனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றியது.

மருத்துவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு மருந்தில் முகம் கலங்கலாகத் தெரிந்ததால், சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அழுத்தம் சரியா இருக்கு. நரம்பு நல்லா இருக்கு. ஓரப் பார்வையில எங்கயும் குறை இல்ல. அப்பாவுக்கு இருந்ததால வருஷா வருஷம் வந்து காட்டுங்க, அவ்வளவுதான்."

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா டாக்டர்?"

"கண்ணாடி பவர் மாத்தணும். படிக்கிற கண்ணாடியை வச்சுக் கம்ப்யூட்டர் பார்க்கிறீங்க போல. அதுக்குத் தனியா ஒண்ணு எழுதித் தரேன். கழுத்து வலியும் போகும்."

"இல்ல டாக்டர், இந்தக் கண்ணாடியால கறுப்பை வெள்ளைன்னும் செஸ்ஸை லூடோன்னும் பார்த்திருப்பேனா?"

மருத்துவர் இந்த முறை நன்றாகவே சிரித்தார். "அப்படிப் பார்க்க வைக்கிற கண்ணாடியை நான் இன்னும் பார்க்கலை."

வெளியே வந்ததும் அக்கா மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் கண் கூசியது. அதுகூட நன்றாக இருந்தது. மார்பில் யாரோ உட்கார்ந்திருந்து எழுந்து போனது போல மூச்சு நீளமாக வந்தது. தம்பிக்குப் போன் போட்டார். அவனும் இத்தனை வருடம் தட்டிக் கழித்தவன். "எனக்குப் பார்த்தாச்சுடா, ஒண்ணுமில்ல. நீயும் இந்த வாரமே போ. போகலைன்னா நான் வந்து இழுத்துட்டுப் போவேன்" என்றார். அவன் சனிக்கிழமை போனான். அழுத்தம் கொஞ்சம் கூடுதல், ஆனால் நரம்புக்குச் சேதமில்லை, சொட்டு மருந்து போட்டால் போதும் என்றார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம்.

ஆனால் அது பிறகு. படியில் உட்கார்ந்திருந்தபோதே அக்காவின் மனதில் வேறொன்று ஓட ஆரம்பித்துவிட்டது. கண் சரி. சாமான் தெரிந்த சாமான். அவசரப்படவும் இல்லை. அப்படியானால் அந்த முப்பத்தேழு என்ன?

"என்ன யோசனை?" என்றார் கணவர்.

"விடையே தப்பா இருந்தா?"

"எந்த விடை?"

"அவங்க வச்சிருக்கிற விடை."

மறுநாள் காலை அக்கா நேராக டீம் லீடரிடம் போனார். பொருந்தாத படங்களைப் பார்க்க வேண்டும் என்றார். டீம் லீடர் தயங்கினார். சோதனைப் படங்களை யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் மறுபார்வை கேட்டால், டீம் லீடர் முன்னிலையில் ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பார்த்தும் தப்பு உங்களோடதுதான்னா, அந்த எண்ணு அப்படியே நிக்கும்க்கா."

"நிக்கட்டும்மா. எங்க தப்பு பண்ணினேன்னாவது தெரியும்ல."

கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். புதுக் கண்ணாடி இன்னும் தயாராகவில்லை; அக்கா கையில் பழைய பூதக்கண்ணாடி இருந்தது. முதல் படம் திரையில் விரிந்தது. மர மேசையில் ஒரு பலகை, அதன் மேல் வட்டமான தட்டைக் காய்கள். அக்கா செக்கர்ஸ் என்று போட்டிருந்தார். விடை: செஸ்.

"கறுப்பு வெள்ளைக் கட்டம்தானேக்கா? செஸ் போர்டுதானே?" என்றார் டீம் லீடர்.

"ஒரு வரிசையில எத்தனை கட்டம்னு எண்ணுங்க."

டீம் லீடர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "எட்டு, ஒன்பது, பத்து." மறுபடியும் எண்ணினார். "பத்து இருக்கு."

"செஸ்ஸுக்கு எட்டுதான். எட்டெட்டு அறுபத்து நாலு. இது பத்துக்குப் பத்து, நூறு. இதுல செஸ் ஆடவே முடியாது. பெரிய செக்கர்ஸ் பலகை இது, எதிராளி காயைத் தாண்டிக் குதிச்சு வெட்டுவாங்களே, அந்த ஆட்டம். பக்கத்துக்கு இருபது காய்."

அடுத்த படம். இதில் எட்டுக் கட்டம்தான் இருந்தது. டீம் லீடர் அக்காவை ஜாடையாகப் பார்த்தார்.

"இப்ப கட்டத்தை விடுங்க, காயைப் பாருங்க" என்றார் அக்கா. "எல்லாக் காயும் ஒரே மாதிரி இருக்கா? ராஜா, குதிரை எதுவும் இல்ல. பக்கத்துக்குப் பன்னிரண்டு, மூணு வரிசையா. அதுவும் கறுப்புக் கட்டத்துல மட்டும் உட்கார்ந்திருக்கு, வெள்ளையில ஒண்ணுகூட இல்ல. செஸ்ஸுன்னா ஆரம்பத்துல ரெண்டு வரிசையையும் இடைவெளி விடாம அடைச்சுட்டு நிக்கும். பக்கத்துக்குப் பதினாறு."

டீம் லீடர் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். அப்படியே இருபத்தோரு கோடு ஆனது. இருபத்தொன்றும் செக்கர்ஸ். இருபத்தொன்றுக்கும் விடை செஸ்.

அதற்குப் பிறகு ஒன்பது படங்கள். மூலைக்கு ஒரு நிறம், நடுவே சிலுவை. பச்சைக் குழந்தைகூட லூடோ என்று சொல்லும். விடை: பாம்பும் ஏணியும். டீம் லீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுல பாம்பே இல்லையே அக்கா!"

"பின்பக்கம் இருக்கும்" என்றார் அக்கா. "ஒரே அட்டையில இந்தப் பக்கம் லூடோ, அந்தப் பக்கம் பாம்பும் ஏணியும். கடையில நூத்துக்கணக்குல வித்திருக்கேன். ஆனா படத்துல தெரியறது லூடோ பக்கம்தானே? விதிப் புத்தகத்துல, படத்துல தெரியறதை மட்டும் சொல்லுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா, ரெண்டாவது பக்கத்துலயே இருக்கு."

"அப்போ விடை போட்டவங்க படத்தைப் பார்க்கலை. வேற எதையோ பார்த்துப் போட்டிருக்காங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீம் லீடர்தான் முதலில் சொன்னார். "விற்கிறவங்க போடுற தலைப்பு!"

அதேதான். விற்கிறவர்கள் படத்தோடு ஒரு தலைப்பும் எழுதுவார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் இருந்தால் முக்கால்வாசிப் பேர் செஸ் போர்டு என்று எழுதிவிடுவார்கள். இரண்டு பக்க அட்டைக்கு, பெட்டியில் எது பெரிதாக அச்சாகியிருக்கிறதோ அதை எழுதுவார்கள். படம் பார்த்துச் சொல்கிறவர்களுக்குத் தலைப்பைக் காட்டுவதில்லை. ஆனால் விடை தயாரித்தவர் அந்தத் தலைப்பையே விடையாக எடுத்து வைத்துவிட்டிருக்கிறார்.

இன்னும் ஏழு படம் இருந்தது. அதில் ஒன்றைப் பார்த்ததும் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சின்ன மரப்பலகை. கட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்று மேடாக எழும்பியிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காய்களுக்கு அடியில் ஆணி. அக்கா செஸ் என்று போட்டிருந்தார்; விடையில் மற்றவை என்று இருந்தது. தலைப்பில் ஆணிப் பலகை என்று எழுதியிருப்பார்கள்.

"இது பார்வை இல்லாதவங்க ஆடுற செஸ்மா" என்றார். "தடவிப் பார்த்தாக் கறுப்புக் கட்டம் மேடா இருக்கும், வெள்ளை பள்ளமா இருக்கும். தடவும்போது காய் நகர்ந்துரக் கூடாதுன்னுதான் ஆணி. இந்தக் காய்களோட தலையைப் பெருசாக்கிப் பாருங்க. ஒரு பக்கத்துக் காய்க்கு மட்டும் உச்சியில ஒரு குண்டூசித் தலை அளவுக்கு முனை இருக்கும். எது யாரோடதுன்னு விரலுக்குத் தெரியணும்ல."

டீம் லீடர் பெரிதாக்கினார். முனை இருந்தது.

"எப்படிக்கா இதெல்லாம்?"

"எங்கப்பா வச்சிருந்தாரு" என்று மட்டும் சொன்னார் அக்கா.

கடைசி ஆறு படங்களும் ஒரே மாதிரி இருந்தன. பயணத்துக்கு எடுத்துப் போகும் சின்ன காந்தப் பலகை, மேலே தட்டையான வட்டக் காய்கள். அக்கா செக்கர்ஸ் என்று போட்டிருந்தார். விடை: செஸ். டீம் லீடர் இதற்குள் பழகிப்போய்க் கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனார்.

"இருங்க இருங்க" என்று அக்கா தடுத்தார். பூதக்கண்ணாடியைத் திரைக்கு முன் பிடித்தார். வட்டக் காயின் மேல் மங்கலாக ஏதோ அச்சு. இன்னும் நெருங்கிப் பார்த்தார். குதிரைத் தலை. பக்கத்தில் கோட்டை. "ஐயோ, இது செஸ்ஸேதான். காய் தட்டையா இருந்ததால செக்கர்ஸ்னு போட்டுட்டேன். பாருங்க, மேல படம் போட்டிருக்கு. இந்த ஆறும் என் தப்பு."

"அக்கா, இதைச் சொல்லாம விட்டிருந்தா நானும் சேர்த்து எழுதியிருப்பேனே!"

"அது எப்படிம்மா? குதிரை நின்னு என்னையே பார்க்குது."

டீம் லீடர் கணக்குப் போட்டார். முப்பத்தேழில் முப்பத்தொன்றில் விடைதான் தவறு. ஆறு அக்காவுடையது. இருநூறில் நூற்றுத் தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றேழு. செருப்பில் எடுத்த அதே எண்.

டீம் லீடர் அப்படியே எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். பிறகு சட்டென்று விலகி, "ஆனா மத்தவங்களுக்கெல்லாம் எப்படித் தொண்ணூத்தஞ்சு வந்தது?" என்றார்.

அதை யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. மற்றவர்கள் கட்டத்தைப் பார்த்ததும் செஸ் என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தவறான விடையோடு தவறான பதில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. உற்றுப் பார்த்தவருக்குத்தான் அடி.

டீம் லீடர் முப்பத்தொரு படத்துக்கும் காரணம் எழுதி இணையக் கடைக்கு அனுப்பினார். அக்காவின் சொல்படி அந்த ஆறையும் கீழே சேர்த்தார். பதில் வர ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் அக்கா வேலையில் உட்கார்ந்தார், ஆனால் டீம் லீடரின் நாற்காலி கிறீச்சிடும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பியது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. விடைகள் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டதை ஒத்துக்கொண்டிருந்தார்கள். தவறு எங்களுடையது, விடைகளைப் படம் பார்த்துப் புதிதாகத் தயாரிக்கிறோம், இந்த வார மதிப்பெண் யாருக்கும் கணக்கில் வராது, வேறு இருநூறு படங்களோடு மறு சோதனை வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தன் ஆறு தவறையும் தானே சொன்னவர் யார் என்று தனியாகக் கேட்டு, புதிய விடைகளை அனுப்பும் முன் அவர் ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

டீம் லீடர் அதைச் சத்தமாக வாசித்தார். அறை கைதட்டியது. அக்கா சோற்றுக் கையோடு நின்றுகொண்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

கைதட்டாதவர் மின்னல் ஒருவர்தான். அவர் தன் மதிப்பெண்ணைப் புது விடையோடு மனதுக்குள் ஒட்டிப் பார்த்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மெதுவாக வந்தார்.

"தங்கச்சி, அந்த இருபத்தொண்ணையும் நான் செஸ்ஸுன்னுதான் தட்டினேன். லூடோ ஒன்பதும் அந்த ஆணிப் பலகையும் எனக்குத் திரும்பக் கிடைச்சாலும், புது விடை வந்தா எனக்கு எண்பத்தொன்பதரை. நான் காலி."

"அதான் யாருக்கும் கணக்கில்லன்னு சொல்லிட்டாங்களேண்ணே."

"மறு சோதனை இருக்கே. எனக்குக் கட்டம் தெரியும், தட்டத் தெரியும். வேற என்ன தெரியும்? முழங்கால் போயாச்சு, விரலும் போச்சுன்னா எங்க போறது?"

அக்கா அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அன்று மதியம் வேலைப் படங்களையே ஒவ்வொன்றாகத் திறந்து இருவரும் பார்த்தார்கள். விடையை அக்கா சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். எத்தனை கட்டம்? காய் எல்லாம் ஒரே ஜாடையா? எந்த நிறக் கட்டத்தில் நிற்கிறது? மேலே ஏதாவது அச்சு இருக்கிறதா? மின்னல் முதல் பத்துப் படத்தில் நாலு முறை தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கேரம் பலகையைச் சாய்ந்த கோணத்தில் எடுத்ததைப் பார்த்து ஜன்னல் என்றார். நடுவிலே வட்டம், நாலு பக்கமும் இரட்டைக் கோடு, கோட்டின் முனையில் சிவப்பு வட்டம் எல்லாவற்றையும் அக்கா காட்டியதும், "ஆமாமா, நானும் ஆடியிருக்கேன், ஆடும்போது யார் பலகையைப் பார்த்தா, எதிராளியைத்தானே பார்ப்போம்" என்றார். சுற்றி இருந்தவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மறு சோதனை நடந்தது. மின்னல் வாழ்க்கையில் முதல் முறையாக அறையிலேயே கடைசியாக முடித்தார். யாராவது அவர் பக்கம் திரும்பினால், "பேசாதே, எண்ணிட்டிருக்கேன்" என்று கையைக் காட்டினார்.

மதிப்பெண் வந்த அன்று அவர் திரையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நீ பார்த்துச் சொல்லு தங்கச்சி. உனக்குத்தான் புள்ளியிலயும் ஏதாவது தெரியும்."

அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய வரிசையைத் தேடினார். கழுத்தைத் தூக்காமலே எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"தொண்ணூத்தாறரை."

"என்னது?"

"தொண்ணூத்தாறரைண்ணே. பாஸ்."

மின்னல் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஏம்மா, வேலை இருக்கு" என்று வீட்டுக்குச் சொன்னார். எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமா, ஆமா, இருக்கு. நிஜமாத்தான்" என்றார். அக்கா தன் திரைக்குத் திரும்பி, அடுத்த படத்தைத் திறந்தார்.